நிறத்துக்கு முன் வெடிப்பைப் பாருங்கள்

நிலம் வாங்குவது இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் தொடங்குகிறது. ‘நல்ல செம்மண் பூமி, தென்னை வைக்கலாம்’ என்று ஒரு வரி எழுதி, கூடவே நாலைந்து படங்களைத் தரகர் அனுப்பிவிடுகிறார். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, ஊரில் இருக்கும் பெரியப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டு, மனதுக்குள் ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். படத்தைப் பார்த்து மண்ணைச் சொல்ல முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். களிமண், மணல், இரண்டும் அளவாகக் கலந்த இருமண், செம்புறாங்கல் மண் என்ற நான்கையும் பிரித்தறியப் போதுமான தடயங்கள் ஒரு நல்ல படத்தில் இருக்கும். நாம் பார்க்கும் வரிசைதான் பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

முதலில் நிறத்தைப் பார்க்கிறோம். கறுப்பென்றால் களி, சிவப்பென்றால் செம்மண், வெளுப்பென்றால் மணல் என்று அங்கேயே முடித்துக்கொள்கிறோம். ஒரு மண் படத்தில் கிடைக்கும் மூன்று சாட்சிகள் வெடிப்பு, அமைப்பு, நிறம். இவற்றில் எளிதில் பொய் சொல்வது நிறம். அதைக் கடைசியில்தான் விசாரிக்க வேண்டும்.

சிவப்பில் மூன்று

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி இருக்கிறது. தமிழ்நாட்டில் அதைவிடச் சிவந்த நிலத்தைக் காண்பது அரிது. படத்தில் பார்த்தால் யாரும் செம்மண் என்றுதான் சொல்வார்கள். அங்கே இருப்பது மணல். காற்றால் குவிந்த மணல்மேடுகள் அவை. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருப்பதால் நிலம் முழுவதும் சிவந்து கிடக்கிறது. நிறம் மட்டுமே செம்மண்ணுக்குரியது, நடத்தை முழுக்க மணலுக்குரியது. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும்.

தர்மபுரிப் பக்கம் நிலக்கடலை விளையும் செம்மண் காட்டைப் படம் எடுத்தால் அதுவும் சிவப்புதான். அதில் மணலும் வண்டலும் களியும் கலந்திருக்கின்றன. ஈரத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், உழுதால் பொலபொலவென்று உதிரும். புதுக்கோட்டை மாவட்டத்தில் கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரிக் காடுகளுக்கு நடுவே எடுத்த படமும் சிவப்பாகவே இருக்கும். அது செம்புறாங்கல் மண். பள்ளிப் பாடநூல் இதைச் சரளை மண் என்கிறது, அறிவியலில் லேட்டரைட். மேலே சிவந்த சரளையும், அதற்கடியில் கடப்பாரைக்கும் எளிதில் இடம்கொடுக்காத கெட்டியான படுகையும் இருக்கும்.

மூன்றும் சிவப்பு. ஒன்றில் தண்ணீர் தங்காது, ஒன்று நல்ல விளைநிலம், இன்னொன்றில் வேர் இறங்கவே போராட வேண்டும். நிறத்தை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர் இந்த மூன்றுக்கும் ஒரே விலை கொடுக்க நேரும்.

படத்துக்கு எட்டுவது எது?

சாட்சிகளை விசாரிக்கும் முன், படத்தின் பார்வை எவ்வளவு கூர்மையானது என்று தெரிந்துகொள்வது நல்லது. மண் துகள்களை அளவை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை மணல். அதற்குக் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல் துகள். அதையும்விடச் சிறியது களி. மணல் துகளைக் கண்ணால் பார்க்கலாம். வண்டல் துகளையும் களித் துகளையும் தனித்தனியே பார்க்கவே முடியாது.

இப்போது கைப்பேசிக்கு வருவோம். நின்ற நிலையில், நெஞ்சு உயரத்திலிருந்து கீழே நோக்கிப் படம் எடுத்தால் சுமார் 2 மீட்டர் அகல நிலம் படத்தில் விழும். படத்தின் அகலம் ஏறத்தாழ 4,000 பிக்சல். ஆக, ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர் நிலத்தைக் குறிக்கும். அந்தப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பருமணலின் சாயல்தான் தெரியுமே தவிர, நுண்மணல் தெரியாது. அதே கைப்பேசியை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கினால் ஒரு பிக்சலுக்கு 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுக்குக் கூர்மை கூடும். மணல் துகள்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகிறது. தூரத்துப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு மணல் இருக்கிறது, இல்லை என்று வாதாடுவதில் பொருள் இல்லை. எவ்வளவு கிட்டே போய் எடுத்தாலும் களிக்கும் வண்டலுக்கும் உள்ள வேறுபாட்டைத் துகளின் அளவை வைத்துச் சொல்ல முடியாது. அங்கேதான் வெடிப்பு உதவிக்கு வருகிறது. துகளைப் பார்க்க முடியாவிட்டாலும், அந்தத் துகள்கள் கூட்டமாகச் சேர்ந்து செய்யும் வேலையைப் பார்க்க முடிகிறது.

வெடிப்பு சொல்லும் செய்தி

மண் காயும்போது சுருங்குகிறது. சுருங்க இடமில்லாமல் இழுபடும்போது பிளக்கிறது. மணல் சுருங்குவதில்லை, அதனால் வெடிப்பதும் இல்லை. எனவே, ஆழமான அகலமான வெடிப்பு தெரியும் ஒரு படம் மணல் நிலத்தின் படமாக இருக்க வாய்ப்பில்லை. இந்த அளவுக்கு எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போவது இதற்கு அடுத்த படி. எல்லாக் களியும் வெடிப்பதில்லை.

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசலில் இருக்கும் களி, ஸ்மெக்டைட் என்ற கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நுண்ணிய தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்துகொள்ளும். நனைந்த புத்தகம் தாளுக்குத் தாள் உப்பிக் கனத்துவிடுவதைப் போல மண் முழுவதும் உப்பும். கோடையில் அந்தத் தண்ணீர் வெளியேறியதும் மறுபடி சுருங்கும். அதனால்தான் சித்திரை வைகாசியில் கரிசல் காட்டில் விரல் நுழையும் அகலத்துக்கு, சில இடங்களில் கையே நுழையும் அகலத்துக்கு வெடிப்புகள் ஓடுகின்றன. ஆழம் அரை மீட்டருக்குக் குறையாது, நல்ல கரிசலில் ஒரு மீட்டரையும் தாண்டும். மண் வகைப்பாட்டு அறிவியலில் இந்த வகை மண்ணுக்கு இலக்கணமே, 30 சதவீதத்துக்குக் குறையாத களியும் பருவந்தோறும் திறந்து மூடும் வெடிப்பும்தான்.

செம்புறாங்கல் மண்ணிலும் களி உண்டு. அது கயோலினைட் வகை. அதன் தகடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தவை, இடையில் தண்ணீர் புகாது. ஆகவே அது உப்புவதும் இல்லை, பெரிதாகச் சுருங்குவதும் இல்லை. எனவே, ‘வெடிப்பே இல்லை, களி இருக்காது’ என்று ஒரு சிவந்த நிலத்தைப் பார்த்துச் சொல்வது தவறு. சரியாகச் சொல்வதென்றால், ‘உப்பிச் சுருங்கும் களி இங்கே இல்லை’ என்று சொல்லலாம்.

வெடிப்பு தெரிந்த உடனேயே களி என்று முடிவு கட்டுவதற்கும் அவசரப்படக் கூடாது. வெள்ளம் வடிந்த பிறகு வைகை மணலில் எடுத்த ஒரு படத்தை எண்ணிப் பாருங்கள். ஆற்றுப்படுகை முழுவதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பார்த்தால் களிமண் என்றே தோன்றும். அது வெள்ளம் விட்டுப்போன மெல்லிய சேற்றுப் படலம், ஓர் அங்குலம்கூட இருக்காது. அதற்குக் கீழே மணல்தான்.

இந்த இரண்டையும் படத்திலேயே பிரித்தறிய வழி இருக்கிறது. முதலில் பாளத்தின் அகலத்தைப் பாருங்கள். வெடிக்கும் படலம் எவ்வளவு கனமோ அந்த அளவுக்குப் பாளங்களும் பெரிதாக இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் சிறு பாளங்கள் என்றால் படலம் மெல்லியது. ஒரு முழ அகலத்துக்குப் பாளங்கள் இருந்தால் வெடிப்பு ஆழமாகப் போகிறது. அடுத்து, பாளத்தின் ஓரத்தைப் பாருங்கள். மெல்லிய படலத்தில் மேற்பரப்பு முதலில் காய்ந்து சுருங்க, அடிப்பகுதி ஈரத்தோடு இருக்கும். அதனால் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு எழும். கரிசல் பாளங்களின் ஓரம் இப்படிச் சுருளாது. கடைசியாக, வெடிப்பின் அடியைப் பாருங்கள். படலமாக இருந்தால் அடியில் வெளிர் மணல் தெரியும். கரிசலாக இருந்தால் அடி தெரியாது, இருட்டுதான் தெரியும்.

வெடிப்பைப் பற்றிப் பேசும்போது மாதத்தையும் கேட்க வேண்டும். ஐப்பசி மழையில் கரிசலின் வெடிப்புகள் எல்லாம் மூடிக்கொள்ளும். கார்த்திகையில் பருத்தியோ உளுந்தோ நிற்கும் காட்டைப் படம் எடுத்தால் ஒரு கீறல்கூட இருக்காது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மீண்டும் மீண்டும் நனைந்து காய்வதால் கரிசலின் மேல் தோல் ஓரிரு அங்குலத்துக்குத் தானாகவே சிறு குருணைகளாக உதிர்ந்துவிடும். கிட்டே எடுத்த படத்தில் அது அருமையான இருமண்ணைப் போலத் தெரியும். எனவே, எப்போது எடுத்த படம் என்று தெரியாதபோது, வெடிப்பு இருந்தால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். வெடிப்பு இல்லாததைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உழுத காடு உண்மையைச் சொல்லும்

வெடிப்பு துணைக்கு வராத படங்களில் அமைப்பைப் பார்க்க வேண்டும். உடைந்த இடத்தில் மண் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் அமைப்பு. அதற்கு உழுத காட்டின் படத்தைவிடச் சிறந்த படம் கிடையாது.

ஈரப்பதத்தில் களிமண்ணை உழுதால் பெரிய கட்டிகள் புரண்டு விழும். கொழு அறுத்த பக்கம் வழவழப்பாகி, வெயில் பட்டால் மின்னும். அந்த மினுமினுப்பு படத்திலும் தெளிவாக விழும். காய்ந்த பிறகு அந்தக் கட்டிகள் கூர்மையான விளிம்போடு அப்படியே கிடக்கும். மணல் நிலத்தில் கொழு போன தடமே நிற்காது. சால் எடுத்த இடத்தில் இரு ஓரமும் சரிந்து, சால் ஒரு மழுங்கிய பள்ளமாகிவிடும். கட்டி என்று ஒன்று இருக்காது. இருமண் இரண்டுக்கும் நடுவே நிற்கும். கட்டி விழும், ஆனால் விழுந்த கட்டி நெல்லிக்காய் அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் உடைந்திருக்கும். அறுத்த முகம் மின்னாது, சொரசொரப்பாக, பொடித் துளைகளோடு இருக்கும். அவற்றுக்கு நடுவே மெல்லிய வேர்களும் மண்புழு எச்சமும் தென்பட்டால் இருமண் என்ற ஊகம் வலுப்பெறும்.

உழாத நிலமென்றால் தடங்களைத் தேடுங்கள். காய்ந்த மணலில் கால் தடத்தின் ஓரம் சரிந்து, விரல்கள் பிரிந்து தெரியாது. ஈரக் களியில் செருப்பின் வரிகள்கூட அச்சாக நிற்கும், தடத்தைச் சுற்றி மண் பிதுங்கியிருக்கும். மர நிழலிலோ சுவர் ஓரத்திலோ கூம்பு வடிவத்தில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அது குழிநரி என்ற பூச்சி இரை பிடிக்கத் தோண்டிய பொறி. சரிவில் துகள்கள் தாமாக உருள வேண்டும், அப்போதுதான் எறும்பு வழுக்கி உள்ளே விழும். உலர்ந்த, உதிரியான, நுண்ணிய பொடியில்தான் இது நடக்கும். அந்தக் குழிகள் இருக்கும் அந்த இடத்தின் மேல்பரப்பில் கெட்டிக் களி இல்லை என்று நம்பலாம்.

படத்தை வைத்து உறுதியாகச் சொல்வதற்கு நான்கிலும் கடினமானது இருமண்தான். களிக்கு வெடிப்பு இருக்கிறது, மணலுக்குத் துகளும் சரிவும் இருக்கின்றன, செம்புறாங்கல்லுக்குச் சரளை இருக்கிறது. இருமண்ணுக்கென்று தனி முத்திரை கிடையாது. மற்ற மூன்றும் இல்லை என்று கழித்த பிறகு மிஞ்சுவதுதான் இருமண். எனவே, ஒருவர் படத்தைப் பார்த்ததும் ‘இது இருமண்’ என்று அடித்துச் சொன்னால், எதையெல்லாம் கழித்துவிட்டுச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

சரளையும் பொத்தலும்

செம்புறாங்கல் மண்ணை அடையாளம் காண நிலத்தின் மேல்பரப்பையும் வெட்டுமுகத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மேலே கிடப்பது மிளகு முதல் பட்டாணி அளவு வரையிலான உருண்டைச் சரளை. உடைந்த கருங்கல் ஜல்லியைப் போலக் கூரான விளிம்பு அதற்கு இருக்காது. வெளித்தோல் கரும்பழுப்பாகவும் சற்றே பளபளப்பாகவும் இருக்கும். உடைத்தால் உள்ளே துருவின் நிறம். ஊரில் சாலை போடக் கொட்டும் கிராவலில் இதை நிறையப் பார்த்திருப்போம்.

வெட்டுமுகம்தான் இன்னும் உறுதியான சாட்சி. சாலைக்கு வெட்டிய மேடு, கிணற்றின் பக்கச் சுவர், குழாய்க்குத் தோண்டிய பள்ளம் என எதுவானாலும் சரி. சிவப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றும் திட்டுத்திட்டாகக் கலந்து, ஊடே விரல் நுழையும் பொத்தல்களும் குழல்களும் தெரிந்தால் சந்தேகம் வேண்டாம். பல நூறாயிரம் ஆண்டுகள் பெய்த மழை, கரையக்கூடியதை எல்லாம் கரைத்துக்கொண்டு போக, கரையாத இரும்பும் அலுமினியமும் அங்கேயே திரண்டு நின்றதன் விளைவு இது. சிவந்த இடங்களில் இரும்பு கூடியிருக்கிறது, வெளுத்த இடங்களில் அது போய்விட்டது. அந்த வெள்ளைத் திட்டைச் சுண்ணாம்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அது பெரும்பாலும் கயோலினைட் களி.

இந்தப் பாறைக்கு லேட்டரைட் என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன். 1800இல் தென்னிந்தியப் பயணத்தின்போது கேரளத்தின் அங்காடிப்புரத்தில் அதைப் பார்த்து, 1807இல் வெளியான நூலில் விவரித்தார். தோண்டும்போது இரும்புக் கருவியால் அறுக்கும் அளவுக்கு மென்மையாக இருப்பது, வெயிலும் காற்றும் பட்டதும் செங்கல்லைவிட உறுதியாகிவிடுகிறது என்பதே அவரை ஈர்த்த செய்தி. புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய மதில்களில் இந்தக் கல்லை இன்றும் காணலாம். விவசாயிக்கும் இது முக்கியமான குணம். மேல் மண் அரித்துப்போய் இந்தப் படுகை வெளியே தெரிந்துவிட்டால் மறுபடி அதை மென்மையாக்குவது கடினம். படத்தில் நிலம் சிவந்து, மொட்டையாக, புல் திட்டுத்திட்டாக மட்டும் இருந்தால் இதையும் சந்தேகப்பட வேண்டும்.

நிறம் உண்மையில் எதைச் சொல்கிறது?

நிறத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. துகளின் அளவைப் பற்றி நிறத்துக்கு எதுவும் தெரியாது. இரும்பும் தண்ணீரும் அந்த மண்ணில் எப்படி இருந்தன என்பது தெரியும். சிவப்பு என்றால் தண்ணீர் தேங்காமல், காற்றோட்டமாக இருந்த மண். மஞ்சள் என்றால் கொஞ்சம் கூடுதல் ஈரத்தில் இருந்தது. சாம்பலும் நீலச் சாம்பலும் தண்ணீர் நின்றதன் அடையாளம். டெல்டா வயலில் அறுத்தெடுத்த மண்கட்டியைப் பாருங்கள். சாம்பல் நிறத்துக்கு நடுவே செம்மஞ்சள் கோடுகள் ஓடும். வேர் வழியே காற்று இறங்கிய இடத்தில் மட்டும் இரும்பு துருவேறியிருக்கிறது.

கரிசலின் கறுப்பைப் பார்த்து எரு நிறைந்த மண் என்று நினைப்பதும் தவறு. கரிசலில் மட்கிய பொருள் குறைவுதான், பெரும்பாலும் கரிமச்சத்து 1 சதவீதத்தைத் தாண்டாது. இருக்கும் கொஞ்ச மட்கும் களியோடு இறுகப் பிணைந்திருப்பதாலும், சில கருநிறக் கனிமங்களாலும் அந்த நிறம் வருகிறது. கரிசலுக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் தெரிந்தால் அது சுண்ணாம்புச் சத்துள்ள கரிசல். தரையின் மேல் வெண்பொடி பூத்திருந்தால் அது உவர், மணல் அல்ல.

ஈரம் எந்த மண்ணையும் கருக்கிவிடும். காய்ந்தபோது வெளிர்பழுப்பாக இருந்த இருமண், மழை நின்ற மறுநாள் கரும்பழுப்பாகத் தெரியும். மாலை வெயில் எல்லாவற்றுக்கும் சிவப்பேற்றும். கைப்பேசியும் தன் பங்குக்கு நிறத்தைத் திருத்தும். படம் முழுவதும் சிவப்பாகவே இருந்தால், ஒளிதான் சிவப்பு என்று எண்ணிக்கொண்டு அதைக் குறைத்துக் காட்டும். மண் ஆய்வாளர்கள் மன்செல் நிற அட்டைகளை மண்ணோடு நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவது இதனால்தான். காய்ந்த நிலையில் ஒரு நிறமும் நனைத்த நிலையில் ஒரு நிறமும் குறித்துக்கொள்வார்கள்.

ஒரு படத்தை முழுதாகப் பார்ப்போம்

நண்பர் ஒருவர் தென்னந்தோப்பு போடும் எண்ணத்தில் பார்த்த நிலத்தின் இரண்டு படங்களை அனுப்பியிருந்தார். ‘நல்ல செம்மண்’ என்பது விற்பவர் சொன்னது. இடம் புதுக்கோட்டை மாவட்டம், எடுத்த மாதம் மே.

முதல் படம் தரையை நோக்கி எடுத்தது, பத்து ரூபாய் நாணயம் ஒன்று பக்கத்தில் கிடந்தது. வெடிப்பு எதுவும் இல்லை. மே மாதத்தில், காய்ந்த நிலத்தில் வெடிப்பு இல்லையென்பதால் கரிசல் வகைக் களியைக் கழித்துவிடலாம். அடுத்து அமைப்பு. நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அதோடு ஒப்பிட்டால் பரவிக் கிடந்த உருண்டைகள் பலவும் 5 முதல் 10 மில்லிமீட்டர் வரும். மணலுக்கு மேல்வரம்பே 2 மில்லிமீட்டர், ஆக இது மணலும் அல்ல, தேரியும் அல்ல. உருண்டைகளின் விளிம்பு மழுங்கியிருந்தது, தோல் கரும்பழுப்பு. இப்போதே செம்புறாங்கல் பக்கம் தராசு சாய்ந்துவிட்டது.

இரண்டாவது படம் நிலத்தின் எல்லையில் ஓடும் சாலையில் எடுத்தது. விற்பவர் காட்ட விரும்பியது சாலை வசதியை. நமக்கு வேண்டியது சாலைக்காக வெட்டப்பட்ட மேட்டின் முகம். மேலே சுமார் ஓரடிக்குச் சரளை, அதற்குக் கீழே சிவப்பும் மஞ்சளும் கலந்த பொத்தல் படுகை. கடப்பாரை விழுந்த தடங்கள் கோடு கோடாக அப்படியே நின்றன, மண் சரியவில்லை. முக்கியமாக, மேட்டின் மேலிருந்த மரத்தின் வேர்கள் அந்த ஓரடிக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடியிருந்தன. கெட்டிப் படுகையைத் துளைத்துக் கீழே இறங்க அவற்றால் முடியவில்லை. நிறத்தை நாம் இன்னும் கேட்கவே இல்லை, முடிவு வந்துவிட்டது.

இதனால் தென்னை வைக்கவே முடியாது என்றாகிவிடாது. கேரளத்தில் இந்த மண்ணில்தான் ஏராளமான தென்னைகள் நிற்கின்றன. ஆனால் செலவு மாறும். சாதாரண இருமண்ணில் மூன்று பக்கமும் 1 மீட்டர் குழி போதும் என்றால், கெட்டிப் படுகை உள்ள செம்புறாங்கல் நிலத்துக்குக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 1.2 மீட்டர் குழி. தோண்ட வேண்டிய கன அளவு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிறது, அதுவும் கெட்டிப் படுகையில். படுகை இளகுவதற்காக நடவுக்கு ஆறு மாதம் முன்பே குழிக்கு 2 கிலோ சாதாரண உப்பு இடச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கை விலை பேசுவதற்கு முன்பே போட்டுப் பார்க்க அந்த இரண்டு படங்கள் நண்பருக்கு உதவின.

கேட்டு வாங்க வேண்டிய படங்கள்

நிலம் பார்ப்பவர்கள் தரகரிடமோ உறவினரிடமோ நான்கு படங்களைக் கேட்டு வாங்குங்கள். முதலாவது, நிலம் முழுவதும் தெரிய, காலை பத்து மணிக்கு மேல் எடுத்த படம். மரமும் பயிரும் புல்லும் இதில் தெரிய வேண்டும். இரண்டாவது, ஒரு சாண் உயரத்திலிருந்து எடுத்த நெருக்கமான படம். பக்கத்தில் ஒரு நாணயமும் ஒரு வெள்ளைத் தாளும் இருக்கட்டும். நாணயம் அளவைச் சொல்லும், தாள் உண்மையான நிறத்தைச் சொல்லும். பாதி இடத்தில் தண்ணீர் தெளித்து எடுத்தால் ஈர நிறமும் காய்ந்த நிறமும் ஒரே படத்தில் கிடைத்துவிடும். மூன்றாவது, முழங்கால் ஆழத்துக்கு வெட்டிய குழியின் பக்கச் சுவர். மேல் மண் ஒன்றாகவும் அடி மண் வேறாகவும் இருப்பது சாதாரணம். ஏரிக் கரம்பை அடித்துப் பரப்பிய நிலமாக இருந்தால் மேல்பரப்பின் படம் முழுக்க வெளியூர் மண்ணைத்தான் காட்டும்.

நான்காவது படம் கையில் எடுக்க வேண்டியது. ஒரு பிடி மண்ணில் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையச் சொல்லுங்கள். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாவாகத் தள்ள வேண்டும். மணல் நாடாவே வராது, உதிர்ந்துவிடும். இருமண் சுமார் ஓர் அங்குலத்துக்குள் அறுந்து விழும். களி இரண்டு அங்குலத்தைத் தாண்டியும் தொங்கும். அறுந்து விழும் முன் அளவுகோலோடு ஒரு படம் எடுத்துக்கொண்டால், வெறும் தரையின் பத்துப் படங்கள் சொல்லாததை அது ஒன்றே சொல்லிவிடும். துகளின் அளவைக் கேமராவால் பார்க்க முடியாத இடத்தில், விரல்கள் பார்த்துச் சொன்னதைக் கேமரா பதிவு செய்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் படத்தில் வராதவை உண்டு. மண்ணின் கார அமிலத் தன்மை, சத்துகளின் அளவு, கண்ணுக்குத் தெரியாத உப்பு, குழிக்குக் கீழே இருக்கும் பாறை ஆகியவற்றை எந்தப் படமும் காட்டாது. வெடிப்பு, அமைப்பு, நிறம் என்ற வரிசையில் படத்தைப் பார்த்து, பார்க்கத் தகுந்த நிலங்களை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றின் மண்ணை மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து முடிவைக் கையில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.